பால் கறந்த பிறகான அரை மணி நேரம்

கறவை மாட்டுக்கான தினசரி அட்டவணை ஒன்று எங்கள் மாட்டுக் கொட்டகைச் சுவரில் நெடுநாளாகத் தொங்குகிறது. ஏதோ ஒரு பயிற்சி முகாமில் என் கணவருக்குக் கொடுத்தது. ஐந்து மணிக்குக் கறவை, ஆறரைக்குக் கொட்டகை சுத்தம், எட்டுக்குப் பசுந்தீவனம், பத்துக்குத் தண்ணீர் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருக்கும். அதில் சொல்லியிருக்கும் வேலைகளில் தேவையற்றது என்று ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. எந்த வேலையை எத்தனை மணிக்குச் செய்ய வேண்டும் என்று சொல்கிற அந்தத் தாள், எதற்குப் பின்னால் எது வர வேண்டும், ஏன் அப்படி வர வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. மாட்டுக்கு மணி தெரியாது. வரிசை நன்றாகவே தெரியும். இது எனக்கு உறைத்தது பால் சொசைட்டியில் கொடுத்த ஒரு துண்டுச் சீட்டால்.

எங்களிடம் நான்கு கலப்பின மாடுகள். அப்போது ஒன்று சினையாக வற்றியிருந்தது, மூன்று கறவையில் இருந்தன. பாலைச் சொசைட்டிக்கு ஊற்றுகிறவர்களுக்குத் தெரியும், விலையை முடிவு செய்வது லிட்டர் மட்டுமல்ல. கொழுப்பும் எஸ்.என்.எஃப். எனப்படும் கொழுப்பற்ற திடப்பொருளும்தான் ரூபாயைத் தீர்மானிக்கின்றன. எங்கள் சீட்டில் எஸ்.என்.எஃப். வழக்கமாக 8.3 என்று இருக்கும். கோடை தொடங்கும் சமயத்தில் அது மெல்ல இறங்கி 8-ல் வந்து நின்றது. கொழுப்பில் பெரிய மாற்றமில்லை. பரிசோதனை செய்கிறவர் சிரித்துக்கொண்டே, "கேன் கழுவிய தண்ணீர் கொஞ்சம் உள்ளேயே தங்கிவிட்டது போலிருக்கிறதே" என்றார். எங்கள் அத்தை அதற்குப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பேசவில்லை. பாலில் தண்ணீர் கலந்தவர் என்று ஊர் முன்னால் ஒரு வார்த்தை கேட்பது, நாற்பது ஆண்டுகளாக மாடு வைத்திருக்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஒரே கேனில் மூன்று மாடுகள்

எஸ்.என்.எஃப். குறைவதற்குத் தண்ணீர் ஒரு காரணம்தான். கோடையில் பசும்புல் குறைந்து வெறும் சோளத்தட்டிலேயே மாடு காலத்தை ஓட்டினால், உடம்பில் எரிசக்தி போதாமல் பாலின் புரதம் குறையும்; அப்போதும் இறங்கும். மடியில் வெளியே தெரியாத நோய் இருந்தாலும் இறங்கும். நோய் கண்ட மடியில் பால் சர்க்கரை சரியாக ஊறாது; அந்தக் குறையை ஈடுகட்ட ரத்தத்திலிருந்து உப்பு பாலுக்குள் இறங்கிவிடும். மடிநோய் கண்ட பால் உப்புக் கரிக்கும் என்று பழையவர்கள் சொல்வது இதைத்தான். தண்ணீரா, தீனியா, மடியா என்று கேனில் கலந்த பாலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் ஒரு நாள் காலை மூன்று மாட்டுப் பாலையும் தனித்தனியாகக் கறந்து, தனித்தனிப் பாட்டிலில் மாதிரி எடுத்துக்கொண்டு போனோம். இதில் ஒரு கவனம் வேண்டும். முதலில் பீய்ச்சும் பாலில் கொழுப்பு மிகக் குறைவு, கடைசியில் வடிக்கும் பாலில் அதிகம். ஆகவே ஒரு மாட்டை முழுவதும் கறந்து, வாளியை நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். பரிசோதனையில் கருப்பிக்கு 8.3, வெள்ளைச்சிக்கு 8.2, செவலைக்கு 7.5 என்று வந்தது. கருப்பியும் செவலையும் அன்று காலை ஆறு ஆறு லிட்டர், வெள்ளைச்சி ஐந்து. மூன்றையும் ஒரே கேனில் ஊற்றினால் கணக்கு சரியாக 8-ல் வந்து நிற்கிறது. மூன்று மாடும் தின்றது ஒரே தீனி. ஆகவே குறை தீனியில் இல்லை. கேன் கழுவிய தண்ணீரிலும் இல்லை என்று அத்தை பரிசோதனை செய்கிறவரிடம் அப்போதுதான் வாயைத் திறந்து சொன்னார்.

செவலையின் மடியில் வீக்கம் இல்லை, சூடு இல்லை, பாலில் திரி இல்லை. தீனியும் குறையவில்லை. இப்படி மறைந்திருக்கும் மடிநோயைத் துணி துவைக்கும் சோப்புத் தூளை வைத்தே வீட்டில் பார்த்துவிடலாம். அரை லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டித் தூளைத் தலைதட்டிப் போட்டுக் கரைக்க வேண்டும். நான்கு சிறிய பிளாஸ்டிக் கிண்ணங்கள், காம்புக்கு ஒன்று. முதல் இரண்டு பீய்ச்சலைத் தள்ளிவிட்டு, அடுத்த பாலில் கொஞ்சம் ஒவ்வொரு கிண்ணத்திலும் பிடித்து, அதே அளவு சோப்புக் கரைசலை ஊற்றி மெதுவாகச் சுழற்ற வேண்டும். நல்ல காம்பின் பால் தண்ணீராகவே ஓடும். நோய் கண்ட காம்பின் பாலில் வெள்ளை அணுக்கள் மிகுந்திருப்பதால் சோப்பு பட்டதும் கொழகொழவென்று திரண்டு, கிண்ணத்தைச் சாய்த்தால் கஞ்சி போல மொத்தமாக நகரும். செவலையின் முன் காம்புகள் இரண்டும் சுத்தமாக ஓடின. பின் காம்புகள் இரண்டும் கொழகொழத்தன. பின் மடியில்தான் பால் அதிகம், வால் பக்கம் சாணமும் அதிகம். பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அண்மையில் கன்று ஈன்ற மாட்டின் சீம்பாலிலும், வற்றப்போகிற மாட்டின் கடைசிப் பாலிலும் இந்தச் சோதனை தானாகவே திரட்சி காட்டும். அதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது.

டாக்டர் பார்த்தது

கால்நடை மருத்துவரை வரச் சொல்லியிருந்தோம். மருந்தகம் திறப்பதற்கு முன்னால் வருவதாகச் சொன்னவர், காலைக் கறவை முடிகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். கிண்ணச் சோதனையை அவரும் ஒரு முறை செய்து பார்த்தார். ஊசியும் மருந்தும் எடுப்பார் என்று நாங்கள் சுடுதண்ணீரோடு நின்றோம். அவர் பையைத் திறக்கவில்லை. எருக்குழிப் பக்கம் இருந்த திண்டில் உட்கார்ந்துகொண்டு, "நீங்கள் தினமும் செய்வதைச் செய்யுங்கள், நான் இருப்பதாகவே நினைக்க வேண்டாம்" என்றார்.

நாங்களும் செய்தோம். அடர்தீவனத்தைக் கறக்கும்போதே வைத்துவிடுவது எங்கள் வழக்கம். மாடு தின்றபடி நிற்கும், பாலையும் சுரக்கவிடும். கறந்து முடிக்கும்போது காடியும் காலியாகிவிடும். கேன் சொசைட்டிக்குப் போனதும் அத்தை தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவினார். சாணி கரைந்து வாய்க்காலுக்குப் போயிற்று, பாதி தரையிலேயே தேங்கியும் நின்றது. தின்பதற்கு எதுவும் இல்லாத செவலை, முன்னங்காலை மடித்து அந்த ஈரத்திலேயே படுத்தது. டாக்டர் எழுந்து வந்து, படுத்த மாட்டின் பின்னால் குந்தி உட்கார்ந்து, எங்களையும் பார்க்கச் சொன்னார். பின் காம்பு ஒன்று சாணித் தண்ணீரில் அமிழ்ந்து கிடந்தது. அதன் நுனியில் ஒரு சொட்டுப் பால் வெள்ளையாக உருண்டு, அந்தத் தண்ணீரில் கரைந்தது.

"கறந்து முடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று அம்மா?" என்று அத்தையிடம் கேட்டார்.

"பத்து நிமிடம் இருக்கும் தம்பி."

காம்பின் நுனித் துளையைச் சுற்றி ஒரு சிறிய சுருக்குத் தசை இருக்கிறது. கறவையின்போது அது தளர்ந்துவிடும். மறுபடி இறுகி மூடிக்கொள்ள ஏறக்குறைய அரை மணி நேரம் பிடிக்கும். ஒரு நாளில் இரண்டு முறை, அந்த அரை மணி நேரம் மடியின் கதவு திறந்தே கிடக்கிறது. அந்த நேரத்தில் மாடு நின்றால் போதும். நிற்க வைக்கக் கயிற்றை இறுக்கிக் கட்டவெல்லாம் வேண்டியதில்லை, வாயில் ஏதாவது இருந்தால் அது தானாக நிற்கும். நாங்களோ தின்ன இருந்ததையெல்லாம் கறக்கும்போதே தீர்த்துவிட்டு, எட்டு மணிக்குத்தான் புல் போட்டுக்கொண்டிருந்தோம். அட்டவணையிலும் அப்படித்தான் இருந்தது.

செய்த மாற்றம் சிறியது. எட்டு மணிப் பசுந்தீவனத்தைக் கறந்த கையோடு போடும்படி முன்னால் நகர்த்தினோம். அதற்குக் கோ-4 புல்லை முதல் நாள் மாலையே அறுத்து நறுக்கி வைக்க வேண்டியிருந்தது. அறுத்த புல்லைக் குவித்து வைத்தால் இரவில் சூடேறி வாடை வந்துவிடும். தரையில் சாக்கை விரித்துப் பரப்பி வைத்தால் கெடுவதில்லை. கறந்ததும் காம்பு நுனியை அயோடின் கரைசலில் ஒரு முறை முக்கி எடுக்கிறோம். தண்ணீர் விட்டுக் கழுவும் வேலை கறவைக்குப் பின்னால் இல்லை. கறப்பதற்கு முன்பு சாணியை வழித்து எடுப்பதோடு சரி.

கறக்கும் வரிசையும் மாறியது. முன்பெல்லாம் வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும் செவலைதான் முதலில். இப்போது நோயில்லாத மாடுகளைக் கறந்துவிட்டுச் செவலை கடைசி. அதிலும் முன் காம்புகள் முதலில், பின் காம்புகள் கடைசி. மடியைத் துடைக்க மாட்டுக்கு ஒரு துணி. ஒரே ஈரத்துணியால் மூன்று மடியையும் துடைப்பது, ஒரு மாட்டின் நோயைப் பங்கு போட்டுக் கொடுப்பதுதான். துடைக்கத் தொடங்கிச் சுமார் ஒரு நிமிடத்தில் பால் இறங்கும். அந்தச் சுரப்பு ஐந்து முதல் எட்டு நிமிடம்தான் நிற்கும். துடைத்துவிட்டு வாளியைத் தேடிப் போகிறவர்கள் மடியில் பாலை விட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்கள். தங்கிய பால் கிருமிக்குத் தீனி.

டாக்டர் எதிர்ப்புயிரி மருந்து கொடுக்கவில்லை. வீக்கமும் காய்ச்சலும் இல்லாத மறைமுக மடிநோய்க்குக் கறவைக் காலத்தில் அதைக் கொடுப்பதால் கிடைக்கும் பலன் குறைவு, பாலை நாள்கணக்கில் கீழே ஊற்றுவதுதான் மிச்சம் என்றார். சோற்றுக் கற்றாழை ஒரு மடல், 250 கிராம் வரும். அதோடு மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்த விழுதைத் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் பூசச் சொன்னார். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் பரவலாகச் சொல்லும் மருந்துதான். நாளுக்குப் பத்து முறை, ஐந்து நாள், ஒவ்வொரு முறையும் மடியைக் கழுவிவிட்டு. பத்து முறை என்பது சொல்ல எளிது. பூசுகிறவருக்கு அந்த ஐந்து நாளும் வேறு வேலை ஓடாது. மடி வீங்கி, சுட்டு, பாலில் திரி அல்லது ரத்தம் கண்டால் மட்டும் கற்றாழையை நம்பிக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவர் வர வேண்டும். ஊசி போட்டால் மருந்துச் சீட்டில் சொன்ன நாள்வரை அந்தப் பாலை சொசைட்டிக்கும் ஊற்றக் கூடாது, வீட்டுக்கும் எடுக்கக் கூடாது.

மூன்று வாரத்தில் ஒரு பின் காம்பின் பால் கிண்ணத்தில் சுத்தமாக ஓடியது. இன்னொன்று முழுவதும் சரியாகவில்லை. அதைப் பால் வற்றும் நாளில், காம்புக்குள் செலுத்தும் மருந்துக் குழாயால்தான் தீர்க்க வேண்டியிருந்தது. சீட்டில் எஸ்.என்.எஃப். 8.2-க்குத் திரும்பியது.

பதினான்கரை மணி நேர இரவு

அரை மணி நேரத்தைச் சரிசெய்த பிறகும் எனக்கு ஒரு கேள்வி தீரவில்லை. காலையில் கொட்டகைக்குள் நுழைந்தால் செவலை படுத்திருந்த இடத்தில் பால் சிந்தியிருக்கும். கறப்பதற்கு முன்பே காம்பு ஒழுகுகிறது என்றால் கதவு இரவிலும் திறக்கிறது.

காரணம் பால் வண்டி. எங்கள் ஊருக்கு வண்டி மதியம் மூன்றரைக்கு வந்துவிடும். ஆகவே இரண்டரைக்குக் கறந்தாக வேண்டும். காலை ஐந்துக்குக் கறந்து மதியம் இரண்டரைக்குக் கறந்தால் இடைவெளி ஒன்பதரை மணி. இரண்டரையிலிருந்து மறுநாள் ஐந்து வரை பதினான்கரை மணி. தமிழ்நாட்டில் சொசைட்டிக்கு ஊற்றும் பல வீடுகளில் ஏறக்குறைய இதுதான் கணக்கு. காலைப் பால் அளவில் அதிகமாகவும் கொழுப்பில் குறைவாகவும், மதியப் பால் அளவில் குறைவாகவும் கொழுப்பில் கூடுதலாகவும் இருப்பது இதனால்தான். காலைச் சீட்டைப் பார்த்து வீட்டில் சண்டை போடுகிறவர்கள் மதியச் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பத்து லிட்டருக்குக் குறைவாகக் கறக்கும் மாட்டுக்கு இந்த நீண்ட இரவு பெரிய பாரமில்லை. ஈன்று ஒன்றிரண்டு மாதமான, நிறையக் கறக்கிற மாட்டுக்குத்தான் விடியற்காலையில் மடி தெறிக்கும், ஒழுகும்.

வண்டியை ஒரு மணி நேரம் தள்ளி வரச் சொல்லிக் கேட்டோம். பல ஊர்களைச் சுற்றிக் குளிர்விக்கும் நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டிய வண்டி எங்களுக்காக நிற்காது. கோடையில் அது நின்றால் எல்லார் பாலும் திரிந்துபோகும், நியாயம்தான்.

வண்டியை மாற்ற முடியாததால் சுத்தம் செய்யும் நேரத்தை மாற்றினோம். மாட்டுக் கொட்டகையில் பெரிய சுத்தம் காலையில்தான் நடக்கும், எல்லா வீட்டிலும். வந்து போகிறவர் கண்ணுக்கு அது நன்றாக இருக்கிறது. ஆனால் பகலில் மாடு வேப்பமரத்தடியில்தான் கிடக்கிறது. கொட்டகைத் தரையில் நீண்ட நேரம் படுப்பது இரவில். எனவே மாலை ஐந்து மணிக்குத் தரையைக் கழுவி, காய்ந்ததும் ஏழு மணிக்குள் உள்ளே கட்டுகிறோம். ஒன்பது மணிக்கு ஒரு முறை போய்ச் சாணியை மட்டும் வழித்துவிட்டு, பின்பக்கம் படுக்கும் இடத்தில் கொஞ்சம் காய்ந்த மணலையோ கூளத்தையோ தூவுகிறோம். விடியற்காலையில் பால் ஒழுகினாலும் அது காய்ந்த இடத்தில் ஒழுகட்டும்.

இந்த ஒன்பது மணி நடைக்கு இன்னொரு வரவும் உண்டு. மாடு பருவத்துக்கு வருவது மணி பார்த்து அல்ல. 21 நாளுக்கு ஒரு முறை வரும், 12 முதல் 18 மணி நேரம்தான் நிற்கும், பெரும்பாலும் கொட்டகை அடங்கிய பிறகுதான் அறிகுறி தெரியும். கண்ணாடி போன்ற வழும்பு வாலில் ஒட்டியிருக்கிறதா, மற்றவை அசை போட்டுப் படுத்திருக்க ஒன்று மட்டும் நின்று கத்துகிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். மாலையில் கண்டால் மறுநாள் காலையில் சினை ஊசி, காலையில் கண்டால் அன்று மாலை. ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் தீனி தண்டம். கோமாரித் தடுப்பூசி, குடற்புழு மருந்து, சினைப் பரிசோதனை எல்லாம் நாள்காட்டியில் வட்டமிட்டு வைக்கும் சமாசாரம். அவற்றைத் தினசரித் தாளில் எழுதி வைப்பதால் பயனில்லை. தினமும் பார்க்கிற எழுத்து கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

தீனி அளவில் நாங்கள் எதையும் மாற்றவில்லை. உடம்புக்கு ஒன்றரைக் கிலோ அடர்தீவனம், அதற்கு மேல் கறக்கும் இரண்டரை லிட்டருக்கு ஒரு கிலோ. பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு ஐந்தரைக் கிலோ ஆகிறது. தாது உப்பு 50 கிராம். தண்ணீர் மட்டும் நேரம் வைக்காமல் தொட்டியில் எப்போதும் நிற்கும்படி செய்தோம். பத்து மணிக்கு என்று ஒரு கட்டம் போட்டுத் தண்ணீர் காட்டுவதன் பொருள் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாலில் நூற்றுக்கு ஏறக்குறைய 87 பங்கு தண்ணீர்தானே.

இப்போது செவலை மறுபடி ஈன்றிருக்கிறது. காலையும் மதியமுமாகப் பதினான்கு லிட்டர் வருகிறது. முதல் இரண்டு மாதத்துக்கு மட்டும் இரவு ஒன்பது மணிக்கு மூன்றாவது கறவை ஒன்று வைத்திருக்கிறோம், அதற்கு மட்டும். ஒன்றரை, இரண்டு லிட்டர் கிடைக்கும். அந்த நேரத்தில் சொசைட்டி இல்லை என்பதால் அத்தை அதை உறை ஊற்றி, காலையில் தெருவில் நான்கு வீட்டுக்குத் தயிராகக் கொடுத்துவிடுகிறார். காலைப் பாலில் அந்த அளவுக்குக் கொஞ்சம் குறைகிறது, சீட்டில் கொழுப்பு சற்று ஏறுகிறது, படுத்த இடம் காய்ந்திருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கஷ்டம். போன வாரம் ஈரோட்டில் ஒரு வளைகாப்பு. நான் பாதியில் கிளம்பிப் பஸ் பிடித்து வந்தேன்.